‘கேஷ்’ காசிலிருந்து வந்ததா? ஆங்கிலத்தில் புகுந்த நம் சொற்களின் வேரைத் தேடும் முறை

தமிழ் எட்டும் ஆங்கில ‘எயிட்’டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன, பொருளும் ஒன்றே. ஆகவே ஆங்கிலேயர் இந்த எண்ணுப்பெயரை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் சோதிக்க இரு சொற்களையும் பின்னோக்கி நடத்திப் பார்க்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘எஅஹ்ட’ என்று இருந்தது. ஜெர்மானியர் இன்றும் ‘ஆஹ்ட்’ என்கிறார்கள், இலத்தீனில் அது ‘ஒக்டோ’, வடமொழியில் ‘அஷ்ட’. நம் பக்கத்தில் எட்டின் வேர் எண்பது, எண்ணூறு ஆகிய சொற்களில் ஒளிந்திருக்கும் ‘எண்’ என்பதே. அந்தப் பக்கம் போகப் போக ‘ஒக்டோ’ வருகிறது, இந்தப் பக்கம் போகப் போக ‘எண்’ வருகிறது. உண்மையில் உறவுடைய சொற்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்க வேண்டும். இவையோ விலகுகின்றன. இன்றைய ஒற்றுமை தற்செயல்.

ஒலி ஒத்திருப்பது தேடலைத் தொடங்குவதற்குக் காரணமாகலாம், முடிப்பதற்குக் காரணமாகாது. ஆங்கிலம் தமிழிலிருந்தும் பிற இந்திய மொழிகளிலிருந்தும் பெற்ற சொற்கள் நிறையவே உள்ளன. அவற்றை உறுதியாகச் சொல்லவும், அப்படிப் பெறாதவற்றை விலக்கவும் மூன்று கேள்விகள் போதும். அந்தச் சொல் ஆங்கிலத்தில் எப்போது முதலில் எழுதப்பட்டது? எந்த ஊர், எந்த மொழி வழியாக அங்கே போனது? அந்தக் காலத்தில் அதன் பொருள் என்ன? இவற்றுக்கு விடை தேடும் வழியைச் சில சொற்களை எடுத்துக்கொண்டு கீழே காட்டியிருக்கிறேன்.

எங்கே தேடுவது

முதலில் பார்க்க வேண்டியது ஆங்கிலப் பக்கத்தைத்தான். தமிழ் அகராதியிலிருந்து தொடங்கினால், ஒத்த ஒலியுள்ள சொல் கண்ணில் பட்டவுடன் மனம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லும் இலவசத் தளம் `etymonline.com`. ஒவ்வொரு சொல்லுக்கும் அது எழுத்தில் தோன்றிய காலத்தையும், எந்த மொழி எந்த மொழிக்குக் கொடுத்தது என்ற சங்கிலியையும் தரும். ஆக்ஸ்போர்டு பேரகராதி இதைவிட விரிவானது. பழைய நூல்களிலிருந்து ஆண்டு வாரியாக மேற்கோள்களை எடுத்துக் காட்டும். ஆனால் அதைச் சந்தா கட்டியோ, சந்தா உள்ள நூலகத்தின் வழியாகவோதான் பார்க்க முடியும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’. ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஏ. சி. பர்னெல்லும் தொகுத்து 1886-இல் வெளிவந்த இந்த அகராதி, இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்த சொற்களைத் திரட்டியது. 1903-இல் வில்லியம் குரூக் அதைத் திருத்தி விரிவாக்கினார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் `dsal.uchicago.edu` தளத்தில் இதை இலவசமாகத் தேடிப் படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும், குண்டர்ட்டின் மலையாள அகராதியும், இந்துஸ்தானி முதலிய வட இந்திய மொழிகளின் அகராதிகளும் அதே தளத்தில் இருக்கின்றன. ஆகவே அந்த ஒரு தளத்திலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

ஹாப்ஸன்-ஜாப்ஸனைப் படிக்கும்போது இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். பதிவின் மேற்பகுதி தொகுப்பாளர்களின் கருத்து. அதில் தவறுகள் உண்டு, அந்தக் கால ஆட்சியாளர்களின் தொனியும் உண்டு. கீழே சிறிய எழுத்தில் ஆண்டு வரிசையில் வரும் மேற்கோள்களே அந்த நூலின் உண்மையான செல்வம். கருத்து பழசாகிவிடலாம், 1598-இல் ஒருவர் எழுதிய வரி பழசாகாது. நான் மேற்கோள்களை முதலில் படித்துவிட்டுப் பிறகுதான் மேலே போவேன்.

சிக்கலில்லாத ஒரு சொல்: கட்டுமரம்

வழக்கு தெளிவாக உள்ள சொல்லில் தொடங்கினால் முறை கைவரும். ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்று வழங்கும் சொல் தமிழ்க் கட்டுமரம் என்பதில் எந்த அகராதிக்கும் ஐயமில்லை. ஏன் ஐயமில்லை என்பதைப் பார்ப்போம்.

ஹாப்ஸன்-ஜாப்ஸன் தரும் மிகப் பழைய மேற்கோள் ஆங்கிலம் அன்று. 1583-ஆம் ஆண்டின் கீழ் வெனிஸ் நகரத்து நகை வணிகர் காஸ்பரோ பால்பி எழுதிய குறிப்பு அங்கே இருக்கிறது. ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அவற்றில் ஐந்து அடித்தளமாகின்றன, நடுவிலுள்ள நீளமான மரம் முன்னால் நீரைக் கிழிக்கிறது என்று வர்ணித்துவிட்டு, இவற்றைக் ‘கட்டமெரோனி’ என்கிறார்கள் என்று முடிக்கிறார். அடுத்து 1673-இன் கீழ் ஜான் ஃபிரையர் என்ற ஆங்கில மருத்துவர் சோழமண்டலக் கரையோரம் வந்தபோது கண்டதை எழுதுகிறார். அவர் அந்தச் சொல்லை எழுதிய கையோடு, பிணைத்துக் கட்டிய மரங்கள் என்று விளக்கமும் சேர்க்கிறார். பின்னர் 1697-இல் அச்சான வில்லியம் டேம்பியரின் பயண நூலிலும் சொல் வருகிறது.

இங்கே புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபிரையர் பயணம் செய்தது 1673-இல், அவருடைய நூல் அச்சானது 1698-இல். பால்பி பயணம் செய்தது 1580-களில், நூல் வந்தது 1590-இல். சில அகராதிகள் பயண ஆண்டையும் சில அச்சு ஆண்டையும் தருவதால், ஒரே சான்றுக்கு இரண்டு தேதிகள் கிடைக்கும். அவற்றை இரண்டு சான்றுகள் என்று எண்ணிவிடக் கூடாது. குறிப்பேட்டில் எழுதும்போது எது எந்த ஆண்டு என்று பிரித்தே எழுத வேண்டும்.

இப்போது மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம். காலம் பொருந்துகிறது, ஏனெனில் ஐரோப்பியர் சோழமண்டலக் கரையில் புழங்கத் தொடங்கிய பிறகே சொல் அவர்கள் எழுத்தில் தென்படுகிறது. இடம் பொருந்துகிறது, சான்றுகள் தமிழ் மீனவர் வாழ்ந்த கரையையே காட்டுகின்றன. பொருளோ தானே தன்னை விளக்கிக்கொள்கிறது: கட்டு, மரம் என்ற இரண்டும் தமிழில் தனித்தனியே உயிருடன் உள்ள சொற்கள், சாட்சிகளும் கட்டப்பட்ட மரங்கள் என்றே வர்ணிக்கிறார்கள். ஒரு சொல்லை அதன் தாய்மொழியில் இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பொருள் காண முடிவதும், வெளி மொழியில் அப்படிப் பிரிக்க முடியாமல் போவதும் கடன் சென்ற திசையைக் காட்டும் நல்ல அடையாளம்.

இறுதி ‘ம்’ எப்படி ‘ன்’ ஆனது என்று கேட்கலாம். பேச்சுத் தமிழில் ‘மரம்’ என்பதன் கடைசி மெய் உதடு மூடாமல் மூக்கொலியாகவே கரைந்துவிடுகிறது. அதைக் கேட்ட அயலாரின் காதுக்கு அது ‘ன்’ ஆகப் பட்டிருக்கும்.

இன்று உல்லாசப் படகுத்துறைகளில் கேட்டமரான் என்றால் இரண்டு உடல்களை மேலே ஒரு தளத்தால் இணைத்த படகு. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் 1876-இல் அத்தகைய படகொன்றை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். இரட்டை உடல் கொண்ட படகு பசிபிக் தீவு மக்களின் பழைய மரபு. நம் மீனவர்களின் கட்டுமரத்துக்கு அப்படிப்பட்ட வடிவமே கிடையாது. ஆகவே பெயர் நம்முடையது, படகு அவர்களுடையது. சொல்லின் வரலாறும் பொருளின் வரலாறும் வெவ்வேறு பாதைகளில் போகலாம். ‘இரட்டைப் படகைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள், பெயரே சாட்சி’ என்று எழுதுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

இடையில் நின்ற போர்த்துகீசியர்

கட்டுமரம் போல நேரே சென்ற சொற்கள் குறைவு. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில். இடைப்பட்ட நூறாண்டுகளில் இந்தியப் பொருள்களுக்கான பெயர்களைப் போர்த்துகீசியர் தங்கள் நாவுக்கு ஏற்றபடி வார்த்துவிட்டார்கள், பின்னால் வந்த ஆங்கிலேயர் பெரும்பாலும் அந்த வார்ப்பையே எடுத்துக்கொண்டார்கள். எனவே தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். நடுவில் போர்த்துகீசிய வடிவத்தை வைத்தால் சரியாகிவிடும்.

‘கறி’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டச்சுக்காரர் லின்ஸ்ஹோட்டன் எழுதிய பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1598-இல் வந்தது. அதில் இந்தியர்கள் மீனைக் குழம்பாக்கிச் சோற்றின் மேல் ஊற்றி உண்பதையும், சற்றுப் புளிப்பான அந்தக் குழம்புக்குக் ‘காரியேல்’ என்று பெயர் என்பதையும் படிக்கிறோம். தமிழ்க் கறியில் இல்லாத லகரம் அங்கே எப்படி வந்தது என்று திகைக்க வேண்டாம், போர்த்துகீசிய மொழியில் அது ‘கரில்’. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் ஏடு ஒன்றின் தலைப்பில் ‘க்யூரி’ என்ற சொல் இருப்பதைக் காட்டி, அதுவே கறியின் மூலம் என்பாரும் உண்டு. அது சமைத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சோற்றோடு சேரும் குழம்பைக் குறித்ததே இல்லை.

போர்த்துகீசியர் நடுவில் நிற்பதால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. அவர்கள் முதலில் தங்கியது மலபார்க் கரையில். ஆகவே அவர்கள் கேட்டது தமிழா மலையாளமா? பலாப்பழத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஜேக்’ இதற்கு எளிதான விடை தருகிறது. போர்த்துகீசியத்தில் அது ‘ஜாக்கா’, மலையாளத்தில் ‘சக்க’. நம் இலக்கியமும் பொதுவழக்கும் பலா என்றே சொல்கின்றன. சக்கை என்று பழத்தைச் சொல்வது குமரி மாவட்டம் போன்ற எல்லைப் பகுதி வழக்கு. ஆகவே இந்தச் சொல்லை மலையாளத்துக்கு எழுதுவதே நேர்மை. தேக்கு என்ற சொல்லோ இரு மொழிகளிலும் ஒன்று. வடிவத்தைக் கொண்டு தீர்க்க முடியாத அந்த இடத்தில், மரம் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது, முதல் மேற்கோள் எந்தக் கரையைப் பற்றியது என்பதைப் பார்த்து மலையாளத்தின் பக்கம் சாய்கிறார்கள்.

மாங்காயில் அகராதிகளே ஒத்துப்போவதில்லை. ஆங்கிலத்துக்கு அது போர்த்துகீசிய ‘மாங்கா’ வழியாகப் போனதில் ஐயமில்லை. போர்த்துகீசியருக்குக் கொடுத்தது மலாய் மொழி என்றும், மலாய்க்குக் கொடுத்தது தமிழ் மாங்காய் என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். மலையாள ‘மாங்ங’விலிருந்து நேரே வந்தது என்பது மற்றவர் கருத்து. இத்தகைய இடத்தில் இரண்டு சங்கிலிகளையும் எழுதிவைத்துக்கொள்வதே சரி. மா என்ற மரப்பெயரும் காய் என்ற சொல்லும் இரு மொழிக்கும் பொதுவானவை என்பதால், ‘தென்னிந்தியத் திராவிட மொழி’ என்ற அளவில் முடிவு உறுதியாகவே இருக்கிறது.

காசும் ‘கேஷும்’

இனி தலைப்பிலுள்ள சொல்லுக்கு வரலாம். ஒலி ஏறக்குறைய ஒன்று, பொருளும் பணமே. இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் எல்லாவற்றிலும் முதல் பத்துக்குள் இது இருக்கும். ஆனாலும் ஆங்கில அகராதியைத் திறந்தால் இந்த எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பதிவு அன்று, இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒரே எழுத்துக்கூட்டலில் இரு பதிவுகள் இருந்தால், ஒரே உருவில் வந்து நிற்கும் இரு வேறு சொற்கள் என்று பொருள். முதல் பதிவோடு மூடிவைத்துவிடுபவர்கள் பாதி உண்மையோடு திரும்புகிறார்கள்.

முதல் பதிவு இன்று கடைகளில் நாம் கேட்கும் ரொக்கம். இது ஆங்கிலத்தில் 1590-களில் தோன்றுகிறது. தொடக்ககால மேற்கோள்களில் அதன் பொருளில் ஒன்று பணம் வைக்கும் பெட்டி. பிரெஞ்சுச் சொல் ‘கேஸ்’, இத்தாலியச் சொல் ‘காஸ்ஸா’, இவற்றுக்கு மூலமான இலத்தீன் ‘காப்ஸா’ எல்லாமே பெட்டியைக் குறிப்பவை. பெட்டியின் பெயர் மெல்ல அதற்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் மறைந்து பணம் மட்டும் நின்றது. காசாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இந்தப் பெட்டிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சூட்கேஸில் உள்ள ‘கேஸ்’ கூட இதற்கு உறவு.

தமிழ்க் காசு இதற்கு மூலம் ஆகாது என்பதற்கு இரண்டு தடைகள் உண்டு. காசு எந்தக் காலத்திலும் பெட்டியைக் குறித்ததில்லை. பொன், மணி, அணி, நாணயம் என்பவையே அதன் பொருள்கள். மேலும் ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையில் காலூன்றியது 1611-இல் மசூலிப்பட்டினத்தில். சென்னையில் நிலம் பெற்றது 1639-இல். அதற்கு முன்பே சொல் லண்டனில் பெட்டிக்குப் பெயராக வழங்கிவிட்டது.

இத்தோடு காசு தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது பதிவு முழுவதும் நம்முடையது. கிழக்கு நாடுகளில் வழங்கிய சிறுமதிப்பு நாணயங்களை ஐரோப்பியர் ‘கேஷ்’ என்றே அழைத்தார்கள். ஹாப்ஸன்-ஜாப்ஸன் அதைத் தமிழ்க் காசிலிருந்தும், போர்த்துகீசிய ‘கைஷா’ வழியாகவும் வந்ததாகக் காட்டுகிறது. சென்னை மாகாணத்தின் பழைய கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலேயர் கணக்குப் புத்தகங்களில் இவை ‘கேஷ்’, ‘ஃபனம்’, ‘பகோடா’ என்ற பெயர்களில் வரும். ஃபனம் நம் பணமே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பிய 1803-ஆம் ஆண்டுச் செப்புக் காசில் `XX CASH` என்ற எழுத்துகளை இன்றும் படிக்கலாம். அத்தகைய காசுகளை மூட்டை மூட்டையாக ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. அதிலிருந்து எடுக்கப்பட்ட காசுகள் நாணயம் சேர்ப்பவர்களிடம் இப்போதும் கைமாறுகின்றன. 1818-இல் ரூபாய் பொதுநாணயமான பிறகு இந்தக் கணக்கு சென்னையில் வழக்கொழிந்தது. திருவிதாங்கூரில் மட்டும் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. நடுவில் சதுரத் துளையிட்டு நூலில் கோக்கும் சீனச் செப்புக் காசை ஆங்கிலத்தில் இன்றும் ‘கேஷ்’ என்றே சொல்கிறார்கள். சீனருக்குத் தெரியாத அந்தப் பெயரின் ஊர் தமிழ்நாடு.

அப்படியானால் இரண்டும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன? இதற்கு விடை போர்த்துகீசியத்தில் இருக்கிறது. ‘கைஷா’ என்ற சொல் அந்த மொழியில் முன்பே உண்டு, அதன் பொருள் பெட்டி, மூலமும் அதே இலத்தீன் ‘காப்ஸா’தான். காசு என்று கேட்ட போர்த்துகீசிய வணிகர், அதற்கு நெருங்கிய தம் சொல்லின் உடையை அதற்கு அணிவித்துவிட்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். பழக்கமில்லாத அயற்சொல்லைப் பழகிய சொல்லின் சாயலுக்கு இழுப்பது எல்லா மொழிகளிலும் நடப்பது. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரு சொற்களுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் அமைந்துபோனது.

தமிழ்ப் பக்கத்தையும் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் நம் சொல் பழையதாக இல்லாவிட்டால் திசை தலைகீழாகிவிடும். இங்கே கவலையில்லை. ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று ஏழாம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் சம்பந்தர் கேட்டது நாணயத்தை. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலும் கொடைகள் காசில் எண்ணப்படுகின்றன. வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு ஈற்றுச்சீரின் வாய்பாடாகவே அது தெரியும். இந்தக் காசு வடமொழிக் ‘கர்ஷ’த்திலிருந்து வந்தது என்று ஹாப்ஸன்-ஜாப்ஸன் சொல்கிறது. அது தனிக் கேள்வி. ஆங்கிலத்துக்குக் கொடுத்தது யார் என்பதும், கொடுத்தவருக்குக் கிடைத்தது எங்கே என்பதும் இரண்டு படிகள், இரண்டையும் ஒரே வரியில் குழப்பக் கூடாது.

பழைய நூல்களை `archive.org` போன்ற தளங்களில் நீங்களே தேடும்போது ஒரு சிறு தந்திரம் பயன்படும். பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான ஆங்கில அச்சில் சொல்லின் இடையில் வரும் ‘எஸ்’ எழுத்து நீண்ட கொம்பு போல `ſ` என்று இருக்கும். கணினி அதை ‘எஃப்’ என்று படித்துவிடும். ஆகவே `cash` என்று தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் `cafh` என்றும் தேடிப் பாருங்கள். இதை அறியாமல் ‘அந்த நூலில் இச்சொல் இல்லை’ என்று நானே ஒருமுறை எழுதி, பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

எழுத்தை அல்ல, வாயைக் கேட்டவர்கள்

கடன் வாங்கியவர்கள் நம் ஏடுகளைப் படித்தவர்கள் அல்லர். சந்தையிலும் அடுக்களையிலும் துறைமுகத்திலும் காதில் விழுந்ததை எழுதியவர்கள். ஆகவே ஒலியை ஒப்பிடும்போது செந்தமிழ் வடிவத்தை விட்டுப் பேச்சு வடிவத்தை எடுக்க வேண்டும். ‘முள்ளிகட்டானி’ என்ற சூப்பின் பெயரை மிளகுத்தண்ணீரோடு ஒப்பிட்டால் முதல் உயிரும் கடைசி மெய்யும் இடிக்கும். ‘மொளகுத்தண்ணி’ என்று சொல்லிப் பாருங்கள், எதுவும் இடிக்காது. மைசூர் அரசின் பெங்களூர்ச் சிறையில் அடைபட்ட ஆங்கிலப் படையினர் முள்ளிகட்டானியும் கஞ்சியுமே தங்கள் உணவு என்று புலம்பும் 1784-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றை ஹாப்ஸன்-ஜாப்ஸன் மேற்கோள் காட்டுகிறது. கஞ்சியும் ஆங்கிலச் சொல்லாகிவிட்டது.

இந்திச் சொல்லுக்கும் இதே விதிதான். ‘ஷாம்பூ’வின் மூலம் அழுத்து, பிசை என்று பொருள்படும் ‘சாம்ப்னா’. ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதோ ‘சாம்போ’ என்ற ஏவல் வடிவத்தை, அதாவது வேலையாளிடம் ‘பிடித்துவிடு’ என்று சொல்லும் வடிவத்தை. 1760-களில் அது ஆங்கிலத்தில் தோன்றியபோது உடலைப் பிடித்துவிடுவதையே குறித்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடத்திப் புகழ்பெற்ற ஷாம்பூக் குளியலும் அத்தகைய பிடித்துவிடும் வைத்தியமே. தலைமுடியை நுரை பூசிக் கழுவுவது என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. இன்றைய பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியில் முடி, நுரை, சோப்பு என்று தேடியிருந்தால் எதுவும் அகப்பட்டிருக்காது.

முடிவு கிடைக்காத சொல்

சில சொற்களில் எல்லாப் படிகளையும் சரியாக ஏறினாலும் கதவு திறக்காது. அனகொண்டா அப்படிப்பட்டது. ‘ஆனைக்கொன்றான்’ என்பதே இதன் மூலம் என்று நம்மில் பலர் உறுதியாக நம்புகிறோம். இன்று அந்தப் பெயரைத் தாங்கும் பாம்பு தென் அமெரிக்க ஆறுகளில் வாழ்வது. அங்கிருந்து தமிழுக்கு வழியே இல்லையே என்று விலக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் பெயரின் முதல் சான்று இலங்கையைக் காட்டுகிறது. ஜான் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளர் 1693-இல் வெளியிட்ட இலத்தீன் நூலில், ‘இலங்கையரின் அனகண்டாயா’ என்று ஓர் இந்தியப் பாம்பைக் குறித்து, எருமை முதலிய கால்நடைகளின் உறுப்புகளை நொறுக்குவது என்று விளக்கம் தருகிறார். அந்தப் பெயர் பின்னாளில் அறிவியலாளர்களின் கைமாற்றத்தில் அமெரிக்கப் பாம்புக்குப் போய்விட்டது.

இலங்கையில் இரண்டு மொழிகள் போட்டியிடுகின்றன. தமிழ் ஆதரவாளர்கள் யானையைக் கொன்றதைச் சொல்கிறார்கள். மறுபக்கம் சிங்களத்தில் ‘ஹெனகந்தயா’ என்ற பாம்புப் பெயர் இருக்கிறது. ஒலியளவில், குறிப்பாக ரே எழுதிய இறுதி ‘யா’வில், சிங்களச் சொல் நெருக்கமாக உள்ளது. ஆனால் அது ஒல்லியான பச்சைப் பாம்பைக் குறிப்பது, எருமையை நொறுக்க அதற்கு வலுவில்லை. தமிழ்ச் சொல்லின் பொருள் பெரிய பாம்புக்குப் பொருந்துகிறது, ஆயினும் ரேயின் விளக்கத்தில் எருமை இருக்கிறது, யானை இல்லை. அருங்காட்சியகத்தில் இரண்டு பாம்புகளின் சீட்டுகள் மாறிப்போயிருக்கலாம் என்ற ஊகமும் உண்டு. பெரும்பாலான அகராதிகள் சிங்களத்தின் பக்கம் சாய்ந்து, ‘உறுதியில்லை’ என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுகின்றன.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் சான்றின் ஆண்டு, அச்சான ஆண்டு, சான்று எழுந்த இடம், இடையில் நின்ற மொழி, அப்போதைய பொருள், முடிவு என்று ஆறு வரிகள் எழுதுகிறேன். முடிவு என்ற வரியில் ‘உறுதி’, ‘பெரும்பாலும்’, ‘தெரியவில்லை’, ‘இல்லை’ என்ற நான்கில் ஒன்றுதான் வரும். கட்டுமரத்துக்கு உறுதி. செப்புக் காசுக்கும் ஏறக்குறைய அப்படியே, ரொக்கத்துக்கு இல்லை. அனகொண்டாவின் பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதி, அதன் கீழே எது கிடைத்தால் அதை மாற்றலாம் என்பதையும் குறித்திருக்கிறேன்: 1693-க்கு முந்தைய டச்சு அல்லது போர்த்துகீசிய இலங்கைக் குறிப்பு ஒன்றில், பாம்பின் வர்ணனையும் அதைச் சொன்னவரின் மொழியும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.